மணமற்றது என்னும் சொல்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் பலர் பணிக்குச் செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் உலோகப் பாகங்களைக் கடையும் பிரிவில் பணியாற்றுகிறார் எனக் கொள்வோம். எந்திரத்தைக் குளிர்விக்கும் எண்ணெய்க் கலவை அவர் கைகளில் படுகிறது. அதைப் போக்க ஒரே பணிமுறையில் அவர் பலமுறை சோப்பிட்டுக் கழுவுகிறார். தோலின் இயற்கையான எண்ணெய்ப் படலம் கரைகிறது. விரலிடுக்குகளில் வெடிப்பும் அரிப்பும் தோன்றுகின்றன. மணப்பொருள் சேராத களிம்பைப் பூசுமாறு மருத்துவர் கூறுகிறார். கடையில் 'அன்சென்டட்' என்று எழுதிய குப்பி ஒன்றும், 'ஃபிராகிரன்ஸ் ஃப்ரீ' என்று எழுதிய குப்பி ஒன்றும் அருகருகே உள்ளன. இரண்டும் ஒன்றுதானே என எண்ணி அவர் முதலாவதை வாங்குகிறார். இரு வாரம் கடந்தும் அரிப்பு அடங்கவில்லை.

அந்த இரு சொற்களும் ஒன்றல்ல என்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம். 'ஃபிராகிரன்ஸ் ஃப்ரீ' என்பது, மணத்துக்கென எப்பொருளும் சேர்க்கப்படவில்லை என உணர்த்தும் சொல். 'அன்சென்டட்' என்பதோ, முகர்ந்தால் மணம் தெரியாது என்பதை மட்டுமே குறிக்கும். முன்னது பொருளைப் பற்றிய கூற்று. பின்னது மூக்கைப் பற்றிய கூற்று. இவ்வேறுபாடு வழக்கில் உள்ளதேயன்றி, எங்கும் கட்டாயமாகப் பின்பற்றப்படுவதன்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் அழகுப் பொருள்களைப் பொறுத்தவரை இச்சொற்களுக்குச் சட்ட வரையறை எதையும் வகுக்கவில்லை.

மணமே தெரியாத களிம்பில் மணப்பொருள் எதற்கு? களிம்பின் மூலப்பொருள்களுக்கு இயல்பாகவே வாடை உண்டு. கொழுப்பு அமிலங்கள், ஆட்டுமயிரிலிருந்து எடுக்கும் கம்பளி மெழுகு முதலியவை முகம் சுளிக்கச் செய்பவை. அவ்வாடையை நீக்க ஒரு வழி, எண்ணெயை வெற்றிடக் கலனில் 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, அதனூடே நீராவியைச் செலுத்துவது. எளிதில் ஆவியாகும் வாடைப் பொருள்கள் நீராவியுடன் வெளியேறிவிடும். இது செலவு மிக்கது. எல்லா மூலப்பொருளுக்கும் ஏற்றதுமன்று. மற்றொரு வழி, மிகச் சிறிதளவு மணப்பொருளைக் கலப்பது. இரு மணங்கள் கலந்து மூக்கை எட்டும்போது ஒன்றன் உணர்வை மற்றொன்று மழுங்கச் செய்கிறது. அளவு சரியாக அமைந்தால், நறுமணமும் தெரியாது, தீய வாடையும் தெரியாது. இதற்கு மறைப்பு மணம் என்று பெயர்.

மீன் கழுவும்போது புளிக்கரைசல் சேர்ப்பதையும், சமையலறையில் ஊதுபத்தி ஏற்றுவதையும் ஒப்பிட்டால் இது விளங்கும். புளியின் அமிலம் மீன் நெடிக்குக் காரணமான அமீன்களோடு வினைபுரிந்து, அவற்றை ஆவியாகாத உப்புகளாக மாற்றிவிடுகிறது. ஊதுபத்தியோ நெடியை அப்படியே விட்டுவைத்து மூக்கை மட்டும் திசைதிருப்புகிறது. மறைப்பு மணம் ஊதுபத்தியின் இனத்தைச் சேர்ந்தது. மூக்கு ஏமாறலாம், தோல் ஏமாறுவதில்லை.

மணப்பொருளே சேராத களிம்பும் மணக்கக்கூடும். செக்கிலாட்டிய தேங்காய் எண்ணெய் சேர்ந்த களிம்பில் தேங்காய் மணம் வீசும். அது அவ்வெண்ணெயிலுள்ள லாக்டோன் என்னும் சேர்மங்களின் மணம். அக்குப்பியின் முகப்புச் சொல் பொய்யன்று. திறந்து பல மாதமான குப்பியில் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காறிப்போன நெடி எழும். வாங்கியபோது இல்லாத வாடை பின்னர் தோன்றினால், அதைக் கைவிடுவதே நன்று.

ஆகவே குப்பியின் முகப்பை விடப் பின்புறமே நம்பத்தக்கது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி, மூலப்பொருள்களின் பட்டியல் அச்சிடப்பட வேண்டும். ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அளவின் இறங்குவரிசையில் வரும். அதற்குக் குறைந்தவை எவ்வரிசையிலும் அமையலாம். மணப்பொருள் பெரும்பாலும் கடைசிப் பகுதியில் 'ஃபிராகிரன்ஸ்', 'பர்ஃப்யூம்', 'பார்ஃபம்' என்ற ஒற்றைச் சொல்லாக நிற்கும். அச்சொல்லுக்குள் பல வேதிப்பொருள்கள் அடங்கியிருக்கலாம். 'லினலூல்', 'லிமோனீன்', 'யூஜினால்' எனத் தனிப்பெயர்கள் காணப்பட்டால் அவையும் மணப்பொருள்களே. யூஜினால் கிராம்பிலும் துளசியிலும் உள்ளது. இயற்கையில் விளைந்தது என்பதால் ஒவ்வாமை விலகிவிடுவதில்லை. நலங்கு மாவில் சேரும் பூலாங்கிழங்கும் ரோஜா இதழும் அப்படியே. 'செயற்கை மணம் இல்லை' என்ற அறிவிப்பு அவற்றைக் குறித்து எதுவும் சொல்வதில்லை. 'பென்சைல் ஆல்கஹால்' இன்னும் குழப்பமானது. களிம்பு கெடாதிருக்கவும் அதைச் சேர்ப்பர், மணத்துக்காகவும் சேர்ப்பர். கெடாதிருக்கவே சேர்த்ததாகக் கூறி, 'ஃபிராகிரன்ஸ் ஃப்ரீ' என்று எழுதிய குப்பியிலும் அது இடம்பெறலாம்.

பட்டியலைப் படித்தும் ஐயம் தீராதவர்க்குத் தோல் மருத்துவமனைகளில் ஒட்டுச் சோதனை உண்டு. ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டுவர். 48 மணி நேரம் கழித்து அகற்றிப் பார்ப்பர். ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பர். இரண்டாம் பார்வை ஏனெனில், இவ்வகை ஒவ்வாமை பூசியவுடன் தோன்றுவதன்று. ஒன்றிரண்டு நாள் கழித்தே சிவந்து தடிக்கும். கடைசல் பிரிவுத் தொழிலாளி திங்களன்று பூசிய களிம்பை விட்டுவிட்டு, புதனன்று கையில் பட்ட எண்ணெயைக் குறை கூறுவது இதனால்தான்.