பழைய ஆவணங்களில் தமிழ்த் தேதி: ஆங்கிலத் தேதியைச் சரியாகக் காண்பது எப்படி?

வீட்டுக் கடனுக்காகவோ, வாரிசு உரிமைக்காகவோ குடும்பத்துப் பழைய ஆவணங்களை வெளியே எடுக்கும்போது அவற்றுள் சிலவற்றில் ஆங்கிலத் தேதியே இருப்பதில்லை. வருடத்தின் பெயர், மாதம், நாள், கிழமை ஆகியவற்றோடு எழுதியவர் நிறுத்திவிடுவார். அவர் காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்று அந்தத் தாளை மற்ற ஆவணங்களோடு கால வரிசையில் அடுக்க வேண்டுமானால் அதன் ஆங்கிலத் தேதியை நாம் கண்டறிந்தாக வேண்டும். பலர் இதைத் தோராயமாகச் செய்துவிடுகின்றனர். அதனால் ஓராண்டு வேறுபடுவது சாதாரணம். அறுபது ஆண்டு வேறுபடுவதும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைப் படிப்படியாகப் பார்ப்போம். கணக்கெழுதிப் பழகிய ஒரு பெரியவர் தம் தம்பிக்கு எழுதிய பாகப்பிரிவினைக் கடிதம் ஒன்றின் தலைப்பில் இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம்:

ஆனந்த௵ தை௴ ௰௮௳ வெள்ளிக்கிழமை

முதலில் குறிகளைப் படித்தல்

௵ என்பது வருடத்தையும், ௴ என்பது மாதத்தையும், ௳ என்பது நாளையும் குறிக்கும் சுருக்கக் குறிகள். அச்சகங்களில் இவற்றுக்கான எழுத்துகள் இல்லாதபோது, உருவ ஒற்றுமை கருதி முறையே ‘ஹு’, ‘மீ’, ‘உ’ என்று கோர்த்துவிடுவார்கள். ஆகவே ‘தைமீ’ என்று கண்டால் அது தை மாதமே.

தமிழ் எண்களில் கவனம் தேவை. ௧ என்பது க போலவும், ௨ என்பது உ போலவும், ௮ என்பது அ போலவும் தோன்றும். ய போலத் தோன்றும் ௰ என்பது பத்து. பழைய முறையில் பத்தையும் எட்டையும் அடுத்தடுத்து எழுதினால் பதினெட்டு. ஆகவே நம் கடிதத்தின் நாள் தை 18. ௰ என்பதை எழுத்தென்று எண்ணி விட்டுவிட்டால் 8 என்று தவறாகக் கொள்ள நேரிடும்.

வருடம்: மூன்று ஆனந்தங்கள்

தமிழ் வருடப் பெயர்கள் அறுபது. பிரபவ முதல் அட்சய வரை வந்து மீண்டும் தொடங்கும். நம் காலத்துச் சுற்று 1987 ஏப்ரலில் பிரபவ வருடத்தோடு தொடங்கியது. அதற்கு முந்தைய சுற்றுகள் 1927, 1867 ஆகிய ஆண்டுகளில் தொடங்கின. இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் பஞ்சாங்கத்தில் அச்சிட்டிருக்கும் வரிசையைப் பார்த்து எந்த வருடத்தையும் கணக்கிடலாம்.

ஆனந்த வருடம் வரிசையில் நாற்பத்தெட்டாவது. எனவே தொடக்க ஆண்டோடு 47-ஐக் கூட்ட வேண்டும். 1867-உடன் கூட்டினால் 1914; 1927-உடன் கூட்டினால் 1974; 1987-உடன் கூட்டினால் 2034. கடைசியாக உள்ளது இன்னும் வரவில்லை. ஆகவே 1914, 1974 ஆகிய இரண்டும் நம்முன் நிற்கின்றன. பெயர் மட்டும் இவற்றுள் எது என்று சொல்லாது.

மாதம்: ஆண்டு மாறும் இடம்

மிகுதியாகத் தவறு நேரும் இடம் இதுவே. ஆனந்த வருடம் 1974 ஏப்ரலில் தொடங்கி 1975 ஏப்ரலில் முடிந்தது. சித்திரை முதல் கார்த்திகை முடிய உள்ள மாதங்கள் 1974-இல் அடங்கும். மார்கழியின் முற்பாதி 1974-இலும் பிற்பாதி 1975-இலும் விழும். தை, மாசி, பங்குனி ஆகிய மூன்றும் முழுதும் 1975-க்கு உரியவை. நம் கடிதம் தை மாதத்தது. எனவே அது 1915 ஜனவரியாகவோ 1975 ஜனவரியாகவோ இருக்கலாமேயன்றி, 1914-ஆகவோ 1974-ஆகவோ இருக்க இயலாது.

நாள்: முதல் தேதியைக் கண்டுபிடித்தல்

தமிழ் மாதம் சூரியன் ஓர் இராசியிலிருந்து அடுத்த இராசிக்குப் பெயர்வதைக் கொண்டு தொடங்குகிறது. அந்தப் பெயர்ச்சி சூரியன் மறைவதற்கு முன் நேர்ந்தால் அன்றே முதல் தேதி. மறைந்த பின் நேர்ந்தால் மறுநாள் முதல் தேதி. இதனால்தான் மாதத்தின் நாள் எண்ணிக்கை 29 முதல் 32 வரை மாறுகிறது. ஆங்கில மாதத்தின் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின்னாகிறது.

அண்மைக் காலத்தில் தமிழ் மாதங்களின் முதல் தேதி பெரும்பாலும் இவ்வாறு அமைகிறது:

சித்திரை – ஏப்ரல் 13 அல்லது 14
வைகாசி – மே 14 அல்லது 15
ஆனி – ஜூன் 14 அல்லது 15
ஆடி – ஜூலை 16 அல்லது 17
ஆவணி – ஆகஸ்ட் 16 அல்லது 17
புரட்டாசி – செப்டம்பர் 16 அல்லது 17
ஐப்பசி – அக்டோபர் 17 அல்லது 18
கார்த்திகை – நவம்பர் 16 அல்லது 17
மார்கழி – டிசம்பர் 15 அல்லது 16
தை – ஜனவரி 14 அல்லது 15
மாசி – பிப்ரவரி 12 அல்லது 13
பங்குனி – மார்ச் 14 அல்லது 15

இப்பட்டியலை மிகப் பழைய ஆவணங்களுக்கு அப்படியே பயன்படுத்தலாகாது. பஞ்சாங்கத்தின் சூரிய வருடம் ஆங்கில வருடத்தைவிடச் சற்று நீண்டது; ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் வேறுபாடு சேர்கிறது. 1880-களில் சித்திரை முதல் தேதி ஏப்ரல் 11 அல்லது 12-இல் வந்தது. ஆகவே அந்தந்த வருடத்துப் பஞ்சாங்கம் கிடைத்தால் அதையே பார்ப்பது நன்று.

1975-இல் தை முதல் தேதி ஜனவரி 14. தை 18-ஐக் காண, 18-உடன் 14-ஐக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். முதல் தேதி இரண்டு முறை எண்ணப்படுவதால் அந்த ஒன்றைக் கழிக்கிறோம். விடை 31. கூட்டுத்தொகை ஆங்கில மாதத்தின் நாள்களைத் தாண்டினால் அம்மாத நாள்களைக் கழித்துவிட்டு அடுத்த மாதத்துக்குப் போகலாம். இங்கே அந்தத் தேவை எழவில்லை. 1915-இலும் தை முதல் தேதி ஜனவரி 14-ஆகவே இருந்தது. எனவே நம்மிடம் உள்ளவை 31-1-1915, 31-1-1975 ஆகிய இரண்டு தேதிகள்.

கிழமை சொல்லும் தீர்ப்பு

பெரியவர் எழுதிவைத்த ‘வெள்ளிக்கிழமை’ இங்கேதான் நமக்கு உதவுகிறது. 31-1-1975 வெள்ளிக்கிழமை. 31-1-1915 ஞாயிற்றுக்கிழமை. ஆகவே கடிதத்தின் நாள் 31-1-1975 என்று துணியலாம்.

இது தற்செயலன்று. அறுபது ஆண்டுச் சுற்று ஒன்று முடிந்து அதே தமிழ்த் தேதி வரும்போது கிழமை ஐந்து அல்லது ஆறு நாள் முன்னே நகர்ந்திருக்கும். அடுத்தடுத்த சுற்றுகளில் ஒரே தமிழ்த் தேதி ஒரே கிழமையில் வராது.

பிற தவறுகளையும் கிழமை காட்டிக்கொடுக்கும். ஆண்டு மாறுவதை மறந்து 31-1-1974 என்று எழுதினால் அது வியாழக்கிழமை. தை 18-ஐ ஜனவரி 18 என்றே கொண்டால் 18-1-1975 சனிக்கிழமை. கிழமை பொருந்தவில்லையென்றால் கணக்கை மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு நாள் மட்டும் வேறுபட்டால், மாதப் பிறப்பை எண்ணியதில் அந்த ஒரு நாள் தவறியிருக்கலாம். ஆறு நாள் நகர்வது ஒரு நாள் பின்செல்வதற்குச் சமமாதலால், சுற்றே மாறியிருக்கவும் கூடும். அத்தகைய நிலையில் வேறு சான்று வேண்டும்.

அந்தச் சான்று பல குடும்பங்களில் கிஸ்து இரசீதாகக் கிடைக்கும். அதில் பசலி ஆண்டு இருக்கும். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை 590-ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை 591-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். அதே நிலத்துக்குக் கடிதத்தை அடுத்துச் செலுத்திய கிஸ்து பசலி 1384 என்றிருந்தால் அது 1974 ஜூலைக்கும் 1975 ஜூனுக்கும் இடைப்பட்டது. நம் விடைக்கு அது துணை நிற்கும். கன்னியாகுமரி, செங்கோட்டைப் பகுதிகளின் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு காணப்படும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ஐயும் அதன்பின் 825-ஐயும் அதற்குக் கூட்ட வேண்டும்.

பின்னிரவில் பிறந்தவர்கள்

பஞ்சாங்கத்தின் நாள் சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயம் வரை நீள்கிறது. ஆங்கில நாளோ நள்ளிரவில் மாறிவிடுகிறது. கடிதங்களுக்கு இது பெரும்பாலும் பொருட்டல்ல, ஜாதகங்களுக்குப் பொருட்டு. ஆனந்த வருடம் தை 18 வெள்ளிக்கிழமை பின்னிரவு மூன்று மணிக்குப் பிறந்ததாக ஒரு ஜாதகம் கூறினால், அந்தக் குழந்தை ஆங்கிலக் கணக்கில் 1-2-1975 சனிக்கிழமை பிறந்தது. பிறப்புச் சான்றிதழிலும் ஜாதகத்திலும் ஒரு நாள் வேறுபடுவதற்கு இது பல முறை காரணமாகிறது. அந்நிலையில் இரண்டும் சரியே. எதையும் திருத்த வேண்டியதில்லை. வங்கிப் பதிவேட்டில் ஏறுவது பிறப்புச் சான்றிதழ் போன்ற அரசு ஆவணத்தின் தேதியே.

ஆவணத்தில் எழுதும் முறை

மூல ஆவணத்தின் மேல் எதையும் எழுதலாகாது. படியெடுக்கும்போதும் மொழிபெயர்க்கும்போதும் தமிழ்த் தேதியை அப்படியே வைத்து, அதன் அருகே அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத் தேதியைத் தர வேண்டும்: ஆனந்த வருடம் தை மாதம் 18-ஆம் தேதி வெள்ளிக்கிழமை (31-1-1975). கிழமையை விட்டுவிடக் கூடாது. பின்னர் சரிபார்ப்பவருக்கு அதுவே பிடி. நம் கணக்கு ஐயத்துக்குரியதாக இருந்தால் ஒரே தேதியைத் துணிந்து எழுதாமல், எந்த இரண்டு நாள்களுள் ஒன்று என்பதைக் குறிப்பதே நேர்மை.

கடன் பத்திரங்களுக்கு இது மேலும் முக்கியம். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அச்சட்டத்தின் நோக்கங்களுக்கு எல்லாப் பத்திரங்களும் கிரிகோரியன் நாள்காட்டியைக் கொண்டே எழுதப்பட்டவையாகக் கருதப்படும் என்கிறது. கடனுறுதிச் சீட்டில் ‘தை முதல் தை வரை’ என்று நாம் மனத்தில் கொண்டாலும், காலக்கெடு ஆங்கில நாள்காட்டிப்படியே ஓடும். எனவே புதிதாக எழுதும் எந்தச் சீட்டிலும் தமிழ்த் தேதியோடு ஆங்கிலத் தேதியையும் கையெழுத்திடும் அன்றே எழுதிவிடுவது நல்லது. நாற்பது ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் பழைய பஞ்சாங்கத்தைத் தேடி அலைய வேண்டிய தேவை அதனால் நீங்கும்.