பேருந்து நிலையத்துக்கு எந்த மெட்ரோவில் இறங்க வேண்டும்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கி, மெட்ரோவில் கோயம்பேடு போய் வெளியூர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் முதல்முறை போகிறவர்கள் பலர் தடுமாறுவது ஊர்ப்பெயரில்தான்.

ஊரே அந்தப் பேருந்து நிலையத்தை ‘கோயம்பேடு’ என்றுதான் சொல்கிறது. மெட்ரோவின் பச்சைத் தடத்திலும் கோயம்பேடு என்று ஒரு நிலையம் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பேருந்து நிலையத்தை ஒட்டியிருப்பது அடுத்த நிலையமான சி.எம்.பி.டி. 2020-இல் அதன் பெயர் ‘புரட்சித் தலைவி டாக்டர் ஜெ. ஜெயலலிதா சி.எம்.பி.டி. மெட்ரோ’ என்று மாற்றப்பட்டது. பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் ‘சி.எம்.பி.டி.’ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வண்டியில் உட்கார்ந்தபடியே இதைக் கண்டுகொள்ளலாம். சென்ட்ரலிலிருந்து திருமங்கலம் வரை வண்டி சுரங்கத்தில் ஓடும். வெளிச்சத்துக்கு வந்ததும் முதலில் வருவது கோயம்பேடு. அங்கே எழுந்துவிடாதீர்கள், அதற்கு அடுத்ததுதான் சி.எம்.பி.டி. ஆலந்தூர் பக்கமிருந்து வந்தால் வரிசை தலைகீழ்: வடபழனி, அரும்பாக்கம், பிறகு சி.எம்.பி.டி.

தவறிப்போய் கோயம்பேட்டில் இறங்கிவிட்டால் பதற வேண்டாம். டிக்கெட்டை ஸ்கேன் செய்து கேட்டைத் தாண்டாமல், அதே நடைமேடையில் அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள். உங்கள் டிக்கெட் கோயம்பேடு வரைக்குமே எடுத்ததாக இருந்து, சி.எம்.பி.டி.யில் கேட் திறக்கவில்லை என்றால், அங்குள்ள கவுன்ட்டரில் கேளுங்கள். வித்தியாசம் இருந்தால் கட்டிவிட்டு வெளியேறலாம். இதை விட்டு, கோயம்பேடு நிலையத்தில் கீழே இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினால், மேம்பாலமும் சந்திப்பும் குறுக்கிடும் பரபரப்பான சாலையோரத்தில்தான் நடக்க வேண்டியிருக்கும்.

சி.எம்.பி.டி. உயரத்தில் இருக்கும் நிலையம். வண்டி நிற்கும் தளத்துக்குக் கீழே டிக்கெட் தளம் இருக்கிறது. கேட்டைத் தாண்டியதும் கூட்டத்தோடு போய்விடாமல் ஒரு நிமிடம் நின்று பலகையைப் படியுங்கள். ஒரு வழி நூறடிச் சாலையில் கொண்டுபோய் விடும். இன்னொரு வழி பேருந்து நிலைய வளாகத்துக்குள்ளேயே இறங்கும். சாலையைக் கடக்க வேண்டிய வேலையே இல்லை என்பதுதான் இந்த இணைப்பின் பயன். அதனால் பேருந்து நிலையம் என்று போட்டிருக்கும் அம்புக்குறியையே பிடித்துக்கொள்ளுங்கள். மூட்டை அதிகம் இருந்தால், முழங்கால் வலி இருந்தால், படியை நோக்கிப் போகும் முன்பே லிஃப்ட் எங்கே என்று அங்கிருக்கும் ஊழியரிடம் கேட்டுவிடுங்கள்.

வளாகத்துக்குள் இறங்கிய பிறகும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநகரப் பேருந்துகள் நிற்கும் பகுதி தனி, வெளியூர்ப் பேருந்துகளின் நடைமேடைகள் தனி. தனியார் ஆம்னி பேருந்து நிலையம் இந்த வளாகத்திலேயே இல்லை, அது வேறு இடம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வியை மெட்ரோ ஏறும் முன்பே கேட்டுவிட வேண்டும்: என் பேருந்து இங்கிருந்துதான் புறப்படுகிறதா? 2002-இல் கோயம்பேடு பேருந்து நிலையம் திறந்தபோது வெளியூர் போக வேண்டுமென்றால் அங்கே போனால் போதுமாக இருந்தது. இப்போது அப்படியில்லை. 2018-இல் ஆந்திரப் பேருந்துகளுக்காக மாதவரம் வந்தது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு திருச்சி, மதுரை, நெல்லை என்று தெற்கே போகும் பேருந்துகள் அங்கே போய்விட்டன. பூந்தமல்லி வழியாகக் காஞ்சிபுரம், வேலூர், பெங்களூரு போகிறவையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவையும் அப்போது கோயம்பேட்டிலேயே இருந்தன. மேற்கே போகும் பேருந்துகளுக்காகக் குத்தம்பாக்கத்திலும் ஒரு நிலையம் கட்டியிருப்பதால், இந்தப் பங்கீடும் மாறக்கூடியதே. டிக்கெட்டில் ஏறும் இடம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஆக, சென்ட்ரலில் இறங்கிய ஒருவருக்குக் காஞ்சிபுரம் பேருந்து கோயம்பேட்டிலிருந்து என்று உறுதியானால், மெட்ரோவில் சி.எம்.பி.டி. போய் வளாகத்துக்குள் இறங்கிவிடலாம். அவரே மதுரைக்குப் போகிறவர் என்றால் அந்த இணைப்பு வழி எவ்வளவு வசதியாக இருந்தும் அவருக்கு உதவாது. தெற்கே மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது, கிளாம்பாக்கம் அதற்கும் வெகுதூரம் அப்பால். அவர் சென்ட்ரலுக்கு எதிரே பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடித்து, வண்டலூரில் இறங்கி, அங்கிருந்து மாநகரப் பேருந்தில் போகலாம்.

மெட்ரோ காலை 5 மணிவாக்கில் தொடங்கி இரவு 11 மணிவாக்கில் முடிந்துவிடும். நள்ளிரவில் வந்து சேரும் ரயில் என்றால் மெட்ரோவை நம்பித் திட்டம் போடாமல், வேறு வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.