இயர்போனும் செவியின் வாரக் கணக்கும்

நம் நாட்டில் தொழிற்சாலை இரைச்சலால் செவித்திறன் குன்றுவது பற்றி நெடுங்காலமாகவே பேசப்பட்டு வருகிறது. நெசவுத் தறிகளுக்கிடையிலும் கொதிகலன் பட்டறைகளிலும் பணிபுரிவோர்க்கு ஏற்படும் கேடாகவே அது கருதப்பட்டது. இன்றோ அதே கேடு பட்டறையை விட்டு வெளியே வந்து, மாணவரின் சட்டைப் பையில் உள்ள கைப்பேசியிலும் அதனோடு இணைந்த இயர்போனிலும் குடிகொண்டுள்ளது. உலகெங்கும் 12 வயது முதல் 35 வயது வரையுள்ளோரில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர், ஒலிக் கருவிகளைப் பாதுகாப்பற்ற முறையில் கேட்பதால் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் உள்ளனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இக்கேட்டைத் தடுக்கும் பொருட்டே, ஒலியை ஓர் எல்லைக்கு மேல் உயர்த்தும்போது கைப்பேசியின் திரையில் எச்சரிக்கை தோன்றுகிறது. பலர் அதனைப் படியாமலேயே அகற்றி விடுகின்றனர். அந்த எச்சரிக்கை எதனை அளந்து சொல்கிறது, எதனை அளக்க இயலாமல் விட்டு விடுகிறது என்பதை அறிந்தாலன்றி அதனால் பயன் விளையாது.

அளவும் நேரமும்

"எத்தனை டெசிபெல் வரை கேட்கலாம்?" என்று வினவுவது இயல்பு. ஆனால் நேரத்தைக் குறிப்பிடாமல் இதற்கு விடை கூற இயலாது. செவியைத் தாக்குவது ஒலியின் மொத்த ஆற்றல். அது ஒலியின் வன்மை, கேட்கும் நேரம் ஆகிய இரண்டின் பெருக்கமாகும்.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து 2018-ஆம் ஆண்டு வகுத்த எச்.870 என்னும் நியமம் இவ்வடிப்படையில் அமைந்ததே. வயது வந்தோர் ஒரு வாரத்தில் 80 டெசிபெல் ஒலியை 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு அது 75 டெசிபெல், 40 மணி நேரம். இதனை ஒரு வாரத்திற்குரிய முழு ஒதுக்கீடாகக் கொள்ள வேண்டும்.

ஒலி 3 டெசிபெல் உயரும்போது அதன் ஆற்றல் இருமடங்காகிறது. எனவே அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. 83 டெசிபெல்லில் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி, 92-இல் இரண்டரை மணி என்று ஒதுக்கீடு சுருங்கிச் செல்கிறது. 100 டெசிபெல்லை எட்டினால் ஒரு வாரம் முழுவதற்கும் அரை மணி நேரம் கூடக் கிடைப்பதில்லை.

நம் புலன் நம்மை ஏமாற்றுவதும் இவ்விடத்தில்தான். 3 டெசிபெல் உயர்வு செவிக்குச் சிறு வேறுபாடாகவே தோன்றும். 10 டெசிபெல் உயர்ந்தால் ஒலி ஏறத்தாழ இருமடங்கு உரத்துக் கேட்பதாக உணர்கிறோம்; ஆனால் ஆற்றலோ பத்து மடங்காகி விடுகிறது. ஆகவே "காதுக்கு இதமாகத்தானே இருக்கிறது" என்பதை அளவுகோலாகக் கொள்ள முடியாது.

ஒரு மாணவரின் கணக்கு

எடுத்துக்காட்டாக, புறநகர் மின்சார ரயிலில் கல்லூரிக்குச் செல்லும் ஒரு மாணவரைக் கருதுவோம். போக ஒரு மணி, வர ஒரு மணி என வாரத்தில் ஆறு நாட்கள் பயணம். மொத்தம் 12 மணி நேரம். பெட்டிக்குள் சக்கரங்களின் ஓசையும் மக்களின் பேச்சும் நிறைந்திருப்பதால், பாட்டு தெளிவாகக் கேட்கும் பொருட்டு அவர் ஒலியை 89 டெசிபெல் அளவிற்கு உயர்த்துகிறார் என்று கொள்வோம். அந்த அளவில் வார ஒதுக்கீடு 5 மணியே. அவர் கேட்பதோ 12 மணி. அதாவது ஒதுக்கீட்டில் 240 விழுக்காடு பயணத்திலேயே செலவாகி விடுகிறது.

இரவில் அமைதியான அறையில் 77 டெசிபெல்லில் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் பாடங்களைக் கேட்கிறார். வாரத்திற்குப் பத்தரை மணி நேரம். 77 டெசிபெல்லுக்குரிய ஒதுக்கீடு 80 மணி. ஆகவே செலவு 13 விழுக்காடு மட்டுமே. நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கேடு விளைவிப்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. "இரவெல்லாம் காதில் மாட்டிக் கொண்டிருக்கிறாய்" என்று பெற்றோர் கண்டிப்பது இந்த மாணவரைப் பொறுத்தவரை இடம் மாறிய கண்டிப்பாகும்.

இவர் ரயிலில் ஒலியை 6 டெசிபெல் குறைத்து 83-இல் கேட்டால், பயணச் செலவு 60 விழுக்காடாக இறங்கும். இரவுப் பாடத்தையும் சேர்த்து 73 விழுக்காட்டிற்குள் கணக்கு முடிந்து விடும். இரைச்சலுக்கிடையே அவ்வாறு குறைத்துக் கேட்பதற்கு, காதுத் துளையில் நன்கு பொருந்தி வெளியோசையை அடைக்கும் இயர்போனோ, வெளியோசையைத் தணிக்கும் மின்னணு அமைப்புள்ள இயர்போனோ உதவும்.

மீளாத இழப்பு

ஒதுக்கீட்டை மீறிச் செலவிட்டதை அடுத்த வாரம் ஈடுசெய்து கொள்ளலாகாதா என்று கேட்கலாம். உட்செவியின் அமைப்பு அதற்கு இடந்தருவதில்லை. நத்தை ஓடு போன்று சுருண்ட உறுப்பினுள் ஏறத்தாழ 15,000 உரோம செல்கள் உள்ளன. ஒலி அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுவன இவையே. பிறக்கும்போது பெற்ற இத்தொகையே வாழ்நாள் முழுமைக்கும் உரியது. மனிதரில் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

வன்மையான ஒலி நீடிக்கும்போது இச்செல்கள் களைத்துப் போகின்றன. காது அடைத்தாற்போல் ஒரு மந்தமும், "உய்" என்ற இரைச்சலும் தோன்றுகின்றன. சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாட்களில் இவை நீங்கிவிடக் கூடும். இக்களைப்பு திரும்பத் திரும்ப நேருமாயின் செல்கள் மடிகின்றன. காதடைப்பு நீங்கிவிட்டது என்பதனால் கேடும் நீங்கிவிட்டது என்று கொள்வதற்கில்லை. 2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் என்னும் ஆய்வாளர்கள் எலிகளிடம் நடத்திய சோதனையில், கேட்கும் அளவு முழுவதும் மீண்ட பின்னரும் செல்களையும் நரம்பையும் இணைக்கும் இணைப்புகளில் பெரும் பகுதி நிலையாக அழிந்திருந்தது கண்டறியப்பட்டது. மனிதரில் இது எந்த அளவிற்கு நிகழ்கிறது என்பது இன்றும் ஆராயப்பட்டு வருகிறது.

இழப்பு முதலில் தலைகாட்டுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள உயர் அதிர்வெண்களில். குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் வலுப்பெற்றிருப்பவை. சகரம் போன்ற மெய்யொலிகளின் அடையாளம் உயர் அதிர்வெண்களில் உள்ளது. ஆகவே பாதிக்கப்பட்டவர்க்குப் பேச்சு கேட்கும், ஆனால் விளங்காது. அமைதியான அறையில் குறை தெரியாது. விருந்திலும் வகுப்பிலும் "என்ன சொன்னீர்கள்?" என்று அடிக்கடி கேட்க நேரும். பிறர் முணுமுணுப்பதாக அவர் குறைகூறுவார்.

கேள்திறன் சோதனையில் இந்நிலை தெளிவாகப் புலப்படும். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுந்து, 8,000 ஹெர்ட்ஸில் கோடு மீண்டும் மேலேறுமாயின், அது இரைச்சலின் கைவரிசையென மருத்துவர் ஐயுறுவார். முதுமையால் வரும் குறைவில் அவ்வாறு மீளாமல் கோடு தொடர்ந்து சரிந்து கொண்டே செல்லும்.

எச்சரிக்கையின் ஆற்றலும் எல்லையும்

கைப்பேசி எச்சரிக்கை இருவகைப்படும். முதல் வகை, ஒலி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது தோன்றுவது. ஐரோப்பிய நியமம் இதனை 85 டெசிபெல்லில் வைத்து, உச்ச அளவை 100 டெசிபெல்லுக்கு மிகாமல் கட்டுப்படுத்தியது. பயன்படுத்துவோர் இசைவு தெரிவித்து மேலே செல்லலாம். 20 மணி நேரம் கேட்ட பின் எச்சரிக்கை மீண்டும் வரும். இரண்டாம் வகை, நாம் மேலே கண்ட வாரக் கணக்கை எழுதி வருவது. ஐபோன்களிலும், 2023-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 14 முதற்கொண்டு அதற்குரிய கருவிகளிலும், கடந்த ஏழு நாட்களின் ஒலியைக் கூட்டி, 80 டெசிபெல் 40 மணி என்ற எல்லையை எட்டியதும் அறிவிக்கும் ஏற்பாடு உள்ளது. இதுவே அறிவியலுக்கு இசைந்தது.

எனினும் இக்கணக்கில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. கைப்பேசிக்குத் தெரிவது தான் அனுப்பும் மின்குறியின் அளவு மட்டுமே. அது காதில் எத்தனை டெசிபெல்லாக ஒலிக்கிறது என்பது இயர்போனின் உணர்திறனைப் பொறுத்தது. இயர்போன் இன்னதென அறியாத நிலையில் கருவி ஓர் ஊகத்தையே எழுதுகிறது. ஒரே நிலையில் வைத்தாலும் இரு இயர்போன்களுக்கிடையே 10 டெசிபெல் வேறுபாடு இருக்கக் கூடும். ஒன்றில் 40 மணி நேரம் கேட்கத் தக்கது மற்றொன்றில் 4 மணி நேரமே தாங்கும். "ஒலி அளவில் 60 விழுக்காட்டிற்கு மேல் வைக்காதீர்" என்ற அறிவுரையும் இதனால்தான் தோராயமானதாகிறது.

இரண்டாவது, கருவி தன் ஒலியை மட்டுமே கணக்கிடுகிறது. பகலில் விசைத்தறிக் கூடத்தில் பணிபுரிந்து மாலையில் பாட்டுக் கேட்கும் இளைஞரின் செவி, இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிக் கொள்கிறது. கைப்பேசி காட்டும் 50 விழுக்காடு அவருக்கு ஆறுதலாகாது.

நடைமுறையில்

2025 பிப்ரவரியில் மத்திய சுகாதாரத் துறை, இயர்போன்களை 50 டெசிபெல்லுக்கு மிகாமல், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்குள் இடைவெளிவிட்டுப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. 50 டெசிபெல் என்பது அமைதியான இடத்திற்கேற்ற, மிக எச்சரிக்கையான அளவு. பேருந்தில் அந்த ஒலி இரைச்சலில் மூழ்கிவிடும். மேலும் டெசிபெல்லை அளக்கும் கருவி சாமானியரிடம் இல்லை. ஆகவே பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இவ்வறிவுரையைக் கொண்டு செல்வோர், 50 டெசிபெல்லை ஒலி அளவின் 50 விழுக்காடு என்று மக்கள் பொருள் கொள்ளாதவாறு விளக்குதல் வேண்டும்.

அளவி இல்லாமலே அறியத்தக்க அடையாளங்களும் உண்டு. கை நீட்டும் தொலைவில் இருப்பவர் இயல்பாகப் பேசுவது இயர்போன் வழியே சற்றும் விளங்காவிட்டால், ஒலி மிகுந்திருக்க வாய்ப்புண்டு. வெளியோசையைத் தடுக்கும் இயர்போன்களுக்கு மட்டும் இச்சோதனை பொருந்தாது. அமைதியான அறையில் ஒலி அளவை அமைத்துக் கொண்டு, சாலைக்கு வந்தபின் அதை உயர்த்தாமலிருப்பது எளிய வழியாகும். கேட்டு முடித்தபின் காது இரைந்தால் அன்றைய அளவு எல்லை மீறியது என்பது திண்ணம்.

2007-இல் தொடங்கப்பெற்ற தேசியக் காது கேளாமைத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டம், மாவட்ட அளவில் செவிப் பரிசோதனை வசதிகளை ஏற்படுத்துவதை நோக்கமாகக் கொண்டது. காது இரைச்சல் நீடித்தாலோ, கூட்டத்தில் பேச்சு விளங்காவிட்டாலோ, மாணவரை அங்கு அனுப்பி ஒருமுறை கேள்திறன் வரைபடம் எடுப்பது நலம். 4,000 ஹெர்ட்ஸில் விழுந்த பள்ளத்தை நிரப்ப மருந்தில்லை. ஆயினும் அது சிறிதாக உள்ளபோதே கண்டறிந்து ஒலியைக் குறைப்பவர்க்கு, பேச்சை விளங்கிக் கொள்ளும் திறனின் பெரும் பகுதி எஞ்சி நிற்கும்.