வாத்தியார் வேலையிலிருந்து சாஃப்ட்வேருக்கு: ரெஸ்யூமின் முதல் நான்கு வரி

ரெஸ்யூமின் தலைப்பில் பெயருக்குக் கீழே மூன்று நான்கு வரியில் ஒரு சுருக்கம் எழுதுவது வழக்கம். ஒரே துறையில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. பள்ளியில் பாடம் நடத்திவிட்டு சாஃப்ட்வேர் வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கோ அந்த நான்கு வரிதான் முக்கியம். ‘இவர் ஏன் இங்கே வருகிறார்?’ என்ற கேள்வியோடுதான் எச்.ஆர். அதைப் படிப்பார்.

தனியார் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுத்த ஓர் ஆசிரியை, சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்துவிட்டு வேலை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“ஒன்பது ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றியுள்ளேன். ஐ.டி. துறையில் அனுபவம் இல்லாவிட்டாலும் கற்றுக்கொள்ளும் ஆர்வம் அதிகம். வாய்ப்புக் கொடுத்தால் கடினமாக உழைப்பேன்.”

மன்னிப்பு என்ற சொல் இதில் எங்கும் இல்லை. ஆனாலும் மூன்று வரியும் மன்னிப்புதான் கேட்கின்றன. முதல் வரி பழைய வேலையைச் சொல்கிறது, இரண்டாவது குறையைச் சொல்கிறது, மூன்றாவது தயவு கேட்கிறது. என்ன வேலைக்கு வருகிறார், அதில் என்ன செய்யத் தெரியும் என்பது கடைசிவரை வரவில்லை. ‘இல்லாவிட்டாலும்’ என்பதை நீக்கினால் மட்டும் இது சரியாகாது. வரிசையையே மாற்ற வேண்டும்: முதலில் விண்ணப்பிக்கும் வேலை, அடுத்து அதற்கான ஆதாரம், அதன்பிறகு பள்ளி அனுபவம்.

ஆதாரம் எங்கிருந்து வரும்? அவருக்கு நன்கு பழகிய இடத்திலிருந்தே எடுக்கலாம். மதிப்பெண் பதிவு செய்யும் ஒரு சின்ன செயலியைச் சோதிக்கிறார் என்று கொள்வோம். 0 முதல் 100 வரை ஏற்க வேண்டிய கட்டத்தில் -1, 0, 100, 101 ஆகியவற்றைக் கொடுத்துப் பார்ப்பது எல்லா டெஸ்டரும் செய்வது. தேர்ச்சிக்கு 35 என்றால் 34-ம் 35-ம் சரியாகப் பிரிகின்றனவா என்றும் பார்ப்பார்கள். தேர்வுக்கு வராத மாணவனைச் செயலி எப்படிக் காட்டுகிறது என்பது ஆசிரியைக்கு உடனே தோன்றும். வராதவனுக்கு பூஜ்யம் போட்டால் வகுப்பின் சராசரியே தவறாகிவிடும் என்பது அவர் பல தேர்வுகளில் கண்டது. வினாத்தாள் எடுத்தவருக்கு, எந்த இடத்தில் தப்பு வரும் என்று முன்கூட்டியே யோசிப்பது பழக்கம். டெஸ்ட் கேஸ் எழுதுவதும் அதே வேலைதான்.

இப்போது சுருக்கம் இப்படி ஆகிறது:

“ஜூனியர் சாஃப்ட்வேர் டெஸ்டர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். மதிப்பெண் பதிவுச் செயலி ஒன்றுக்கு 60 டெஸ்ட் கேஸ் எழுதி, 11 பிழைகளைக் கண்டறிந்தேன். அந்த டெஸ்ட் கேஸ்களில் 25-ஐ பைத்தான், செலினியம் கொண்டு தானியங்கியாக்கியுள்ளேன். கோப்புகள் கிட்ஹப்பில் உள்ளன. அதற்கு முன் 9 ஆண்டுகள் பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியை. வினாத்தாள், விடைக்குறிப்புத் தயாரிப்பு என் பொறுப்பில் இருந்தது.”

ரெஸ்யூமை ஆங்கிலத்தில்தான் கொடுப்போம். அங்கும் இதே வரிசை பொருந்தும். எண்கள் அவரவர் செய்த வேலையின் உண்மையான எண்களாக இருக்க வேண்டும். ‘பொறுமை’, ‘தகவல் தொடர்புத் திறன்’ போன்ற சொற்கள் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றை யாரும் சரிபார்க்க முடியாது. ‘அந்த 11 பிழையில் மோசமானது எது?’ என்று நேர்காணலில் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு ஆசிரியையிடம் விரிவான பதிலும் இருக்கும்.

பள்ளியை ஏன் விட்டார் என்பதும் சுருக்கத்தில் இல்லை. சம்பளம் போதவில்லை, நிர்வாகத்தோடு ஒத்துவரவில்லை என்று எதை எழுதினாலும் அது விளக்கம் கொடுப்பதாகவே தொனிக்கும். நேர்காணலில் கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

கூச்சத்தை மறைக்கப் போய் எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் உண்டு. ஒன்பது ஆண்டு ஆசிரியப் பணியை ஒன்பது ஆண்டு ஐ.டி. அனுபவம்போல் தோன்ற எழுதுவார்கள். பல நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும்போது பழைய பணியின் ரிலீவிங் லெட்டரையும் பி.எஃப். பதிவையும் சரிபார்க்கின்றன. அங்கே முரண்பாடு தெரிந்தால் கையில் வந்த வேலையும் போகும். ‘ஜூனியர்’ என்று எழுதுவதில் இழிவு ஏதுமில்லை. புதிய துறையில் அவர் நிற்கும் இடம் அதுதான். தொடக்கச் சம்பளமும் அதற்கேற்பத்தான் இருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக எடுத்து, ‘இதை வைத்து நேர்காணலில் என்னிடம் என்ன கேட்பார்கள்?’ என்று பாருங்கள். கேள்வி எதுவும் தோன்றாத வாக்கியத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் நீங்கள் செய்த ஒரு வேலையை எழுதுங்கள்.