வலது காலில் மட்டும் ஓட்டை ஏன்?

ஜவுளிக்கடை நடத்தும் நம் சங்க உறுப்பினர் ஒருவரிடம், வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத பேண்ட் ஒன்றைத் திருப்பிக்கொண்டு வந்தார் வாடிக்கையாளர். துணி மட்டம், பணம் வேண்டும் என்பது அவர் வாதம். நாமும் அப்போது கடையில் இருந்தோம். மேசையில் விரித்துப் பார்த்தால் இடது கால் புதிதாகவே இருக்கிறது. வலது காலின் உட்புற ஓரத்தில் மட்டும் கிரீஸ் கறை, பக்கத்தில் இரண்டு சிறு ஓட்டைகள்.

"ஆபீசுக்கு எதில போறீங்க சார்?" என்று கேட்டார் உறுப்பினர். சைக்கிளில்தான் என்று பதில் வந்தது.

சைக்கிளில் செயின் வலப்பக்கம் ஓடுகிறது. அது முன்னால் வந்து பல்சக்கரத்தின் மேல் ஏறும் இடத்தில்தான், படபடக்கும் துணி பல்லுக்கும் செயினுக்கும் நடுவே சிக்குகிறது. (சிக்கினால் இழுக்கக் கூடாது, பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் துணி வெளியே வந்துவிடும்.) முழுக் கவர் போட்ட பழைய சைக்கிளில் இந்தத் தொல்லை இல்லை. கியர் சைக்கிள்கள் பலவற்றில் அந்தக் கவரே கிடையாது.

அந்தப் பேண்டின் பாட்டம் சுற்றளவு 18 இஞ்ச். பதினான்கரை போதும். அதற்குக் கீழே போகுமுன் வாடிக்கையாளரின் குதிகாலையும் புறங்காலையும் சேர்த்து டேப் வைத்துப் பார்க்க வேண்டும். பலருக்கு அதுவே 13 இஞ்ச் வரும், கால் நுழையாது. வெளியே மடித்துத் தைக்கும் மோஸ்தர் சைக்கிள்காரருக்கு வேண்டாம், மாட்டவும் செய்யும், தூசியும் சேரும். உயரத்தை நிற்க வைத்து மட்டும் பார்க்காமல், ஸ்டூலில் உட்காரச் சொல்லியும் பாருங்கள். முழங்கால் மடங்கினால் பேண்ட் மேலே ஏறும்.

துணியில் நூற்றுக்கு 2, 3 பங்கு எலாஸ்டேன் கலந்திருந்தால் முழங்காலும் இருக்கையும் பிடிக்காது. ஆனால் லேபிளை மட்டும் நம்பாதீர்கள். துணியை அகலவாக்கில் இழுத்துப் பிடித்து விடுங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்பாத துணி சில வாரங்களில் முழங்காலில் பை போலத் தொங்கும். கடும் சூட்டில் இஸ்திரி போட்டால் அந்த இழுவை கெடும் என்பதை விற்கும்போதே சொல்லிவிடுவது நமக்கு நல்லது. வெளிர் சாம்பல் நிறத்தில் வியர்வை பளிச்சென்று தெரியும், கருநீலத்தில் அவ்வளவு தெரியாது.

காலணி விற்போர் கவனிக்க: தோல் அடிப்பாகம் இரும்புப் பெடலில், அதுவும் மழையில், வழுக்கும். ரப்பர் அடிப்பாகமே ஏற்றது. லேஸ் நுனியை ஷூவுக்குள் செருகச் சொல்லுங்கள். உள்ளே ரெக்சின் ஒட்டிய ஷூவில் வியர்வை தங்கும். தோல் உள்பாகம் இருந்தாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போட்டால்தான் காயும்.

வந்தவருக்குப் பணம் திருப்பித் தரவில்லை. தையற்காரர் முழங்காலிலிருந்து கீழே இருபக்கத் தையலிலும் பிடித்துப் பாட்டத்தைப் பதினான்கரை ஆக்கினார். ஓட்டைகள் தையலை ஒட்டி அரை இஞ்சுக்குள் இருந்ததால் உள்ளே போய் மறைந்துவிட்டன. கூலியைக் கடையே ஏற்றது. போகும்போது அவர் இன்னொரு பேண்டும் எடுத்துக்கொண்டு போனார்.