கற்றல் வீதத்தைக் கண்டறியும் ஒரு குறுஞ்சோதனை
தமிழ் எழுத்தறியும் கணினியை முன்வைத்து ஒரு விளக்கம்



சிராங்கூன் சாலையில் நடந்து செல்லும் எவரும் ‘தேக்கா’ என்ற சொல்லை ஒரே பார்வையில் படித்துவிடுவர். இலக்கணப்படி அதில் மூன்று எழுத்துகள் உள்ளன: தே, க், கா. ஆனால் தனித்தனி வடிவங்களாகப் பிரித்து எண்ணினால் ஐந்து கிடைக்கும்: இரட்டைக்கொம்பு, த, க், க, கால். ‘லிட்டில்’ என்பதில் வரும் ‘டி’யிலோ உயிர்க்குறி மெய்யுடன் ஒட்டிவிடுவதால் அது ஒரே வடிவமாகவே நிற்கிறது. ஆகவே, கையெழுத்தைக் கணினிக்குக் கற்பிக்க முனைந்தோர் 247 எழுத்துகளையும் 247 வகைகளாகக் கொள்ளவில்லை. எச்.பி. ஆய்வகத்தின் இந்தியப் பிரிவு திரட்டிய தமிழ்க் கையெழுத்துத் தரவில், கிரந்த எழுத்துகளின் வடிவங்களையும் உள்ளிட்டு, 156 வகைகள் உள்ளன. 2006ஆம் ஆண்டில் அத்தரவைக் கொண்டு தமிழ் எழுத்தறிதலுக்கென ஒரு போட்டியும் நடைபெற்றது. இன்றும் மாணவர் பலர் தம் முதற்பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது அத்தரவையே.

அவ்வாறு பயிற்சி செய்யும் மாணவர் சிலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். கணினி எதையும் கற்கவில்லை; எனவே தமிழ் எழுத்துகள் கணினிக்குக் கடினமானவை, அல்லது தரவு போதாது என்பதே அம்முடிவு. பல வேளைகளில் குற்றம் எழுத்திலும் இல்லை, தரவிலும் இல்லை. பயிற்சி தொடங்குமுன் அவர்கள் ஊகமாக இட்ட ஓர் எண்ணில் இருக்கிறது. அவ்வெண்ணின் பெயர் கற்றல் வீதம். அதனை ஊகிக்காமல், ஒரு சிறிய ஓட்டத்தில் அளந்தறியும் முறையை இங்கு விளக்க முற்படுகிறோம்.

கற்றல் வீதம் என்பது யாது?

நரம்பு வலையமைப்பு ஒன்று படத்தைப் பார்த்து, இது இன்ன எழுத்து என்று கணிக்கிறது. கணிப்பு எவ்வளவு தவறியது என்பதை ‘இழப்பு’ என்னும் எண் காட்டுகிறது. அந்த இழப்பு குறையும் திசையில் வலையமைப்பின் எடைகள் சிறிதே நகர்த்தப்படுகின்றன. திசையைக் கணக்கு தருகிறது. எவ்வளவு தொலைவு நகர்வது என்பதைக் கற்றல் வீதம் முடிவு செய்கிறது.

மிக எளிய ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இழப்பு என்பது w² எனவும், w-இன் தொடக்க மதிப்பு 10 எனவும் கொள்வோம். கற்றல் வீதம் 0.1 ஆனால், ஒவ்வோர் அடியிலும் w தன் முந்தைய மதிப்பில் 0.8 மடங்காகும்: 10, 8, 6.4 என மெல்ல இறங்கும். வீதம் 0.001 ஆனால் 10, 9.98, 9.96 என்று நகரும். இறங்குகிறது என்றே தோன்றாது. வீதம் 1.1 ஆனால் ஒவ்வோர் அடியும் பள்ளத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் விழும்: 10, −12, 14.4, −17.28 என விலகிக்கொண்டே செல்லும். மிகச் சிறிய வீதம் தேக்கம். மிகப் பெரிய வீதம் சிதறல். உண்மையான வலையமைப்பில் இவ்விரு எல்லைகளும் எங்கே உள்ளன என்பதை முன்கூட்டிக் கணக்கிட்டுச் சொல்ல எளிய வழியில்லை. ஆகவே அளந்துதான் அறிய வேண்டும்.

சோதனையின் கருத்து

அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த லெஸ்லி ஸ்மித் 2015இல் ஒரு கட்டுரையை வெளியிட்டார். சுழற்சி முறையில் கற்றல் வீதத்தை மாற்றுவது பற்றிய அக்கட்டுரையின் ஒரு பகுதியாகவே வீச்சுச் சோதனை அறிமுகமாயிற்று. ஒரே ஓட்டத்தில், மிகச் சிறிய வீதத்தில் தொடங்கி, அடிக்கு அடி அதனை உயர்த்திக்கொண்டே செல்வது அதன் சாரம். எந்த வீதத்தில் கற்றல் தொடங்குகிறது, எந்த வீதத்தில் குலைகிறது என்பதை வரைபடம் காட்டிவிடும். ஸ்மித் வீதத்தைச் சம அளவு கூட்டி உயர்த்தினார். பின்னர் வந்த ஃபாஸ்ட்ஏஐ நூலகம் அதனைச் சம மடங்காகப் பெருக்கி உயர்த்தும் வகையில் `lr_find` என்ற பெயரில் பரப்பியது. தொடங்கும் வீதம் எந்த அளவில் அமையும் என்றே தெரியாதபோது பெருக்கி உயர்த்துவதே பொருத்தம். ஏனெனில், இங்கு நாம் தேடுவது 0.01-க்கும் 0.02-க்கும் இடையிலான வேறுபாட்டை அன்று, 0.0001-க்கும் 0.01-க்கும் இடையிலான வேறுபாட்டை.

செய்முறை

வீதத்தை 0.000001-இல் தொடங்கி 1 வரை உயர்த்துவோம். இடையில் ஆறு பத்து மடங்குகள் உள்ளன. ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 20 அடிகள் என வைத்தால், 120 பெருக்கல்களில் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வீதம் ஏறத்தாழ 1.122 மடங்காகும். தொகுதிக்கு 128 படங்கள் என்றால் சுமார் 15,500 படங்களே தேவை. பயிற்சித் தரவை ஒரு முறைகூட முழுதாகச் சுற்ற வேண்டியதில்லை.

```python
import copy
saved = copy.deepcopy(model.state_dict())
lr, avg, best = 1e-6, 0.0, float("inf")
for i, (x, y) in enumerate(loader, 1):
    for g in opt.param_groups:
        g["lr"] = lr
    loss = loss_fn(model(x), y)
    opt.zero_grad(); loss.backward(); opt.step()
    avg = 0.9 * avg + 0.1 * loss.item()
    smooth = avg / (1 - 0.9 ** i)
    best = min(best, smooth)
    print(i, lr, smooth)
    if i == 121 or not smooth <= 4 * best:
        break
    lr *= 10 ** (1 / 20)
model.load_state_dict(saved)
```

இதில் மூன்று வரிகள் கவனத்துக்குரியன. முதலாவது, எடைகளைத் தொடக்கத்தில் சேமித்து முடிவில் மீட்பது. சோதனையின் இறுதியில் வலையமைப்பு சிதறிய நிலையில் இருக்கும். அதனை மீட்காமல் பயிற்சியைத் தொடங்கினால் சோதனையே கேடாய் முடியும். எடைகளைத் திருத்தும் `opt` என்பதையும் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டும். பழைய உந்தத்தின் நினைவு அதில் தங்கியிருக்கும். இரண்டாவது, இழப்பைச் சீராக்குவது. ஒரு தொகுதியில் எளிய எழுத்துகளும் அடுத்ததில் அரிய எழுத்துகளும் வரக்கூடுமாதலால் இழப்பு மேலும் கீழும் துள்ளும். ஏறத்தாழ கடைசிப் பத்து அடிகளின் சராசரியைக் கொண்டால் போக்கு தெளிவாகும். மூன்றாவது, சீராக்கிய இழப்பு தன் தாழ்நிலையைப் போல் நான்கு மடங்கைத் தாண்டியவுடன், அல்லது எண்ணாகவே இல்லாமல் போனவுடன், நிறுத்திவிடுவது.

வரைபடத்தைப் படித்தல்

எதையும் கல்லாத வலையமைப்பு 156 வகைகளுள் ஒன்றைக் கண்மூடிச் சுட்டுவதற்கு ஒப்பானது. அந்நிலையில் இழப்பு 156-இன் இயல்மடக்கை, அதாவது 5.05 அளவில் இருக்க வேண்டும். முதல் வாசிப்பு இதற்கு வெகு தொலைவில் இருந்தால், வீதத்தைப் பற்றி ஆராயுமுன் எடைகளின் தொடக்க மதிப்புகளையும் வகைகளின் எண்ணிக்கையையும் சரிபார்க்க வேண்டும்.

விளக்கத்துக்காக நாமே அமைத்த ஒரு வரைபடத்தைக் கொள்வோம். 51ஆம் அடி வரை, அதாவது வீதம் 0.0003 ஆகும் வரை, கோடு 5.05-இல் கிடையாகவே செல்கிறது. 61ஆம் அடியில், 0.001-இல், 4.95 ஆகிறது. 71ஆம் அடியில், 0.003-இல், 4.6, 81ஆம் அடியில், 0.01-இல், 4.0, 91ஆம் அடியில், 0.03-இல், 3.4. 101ஆம் அடியில், வீதம் 0.1 ஆகும்போது, 3.1 என்னும் தாழ்நிலையை அடைகிறது. அதன்பின் சில அடிகளிலேயே மேலெழுந்து சிதறுகிறது.

இங்கே மாணவர் பெரும்பாலும் செய்யும் பிழை, தாழ்நிலையைத் தொட்ட 0.1-ஐத் தேர்வதாகும். அங்கே இழப்பு குறைவாக இருப்பது அந்த வீதம் நன்று என்பதாலன்று. அதற்கு முன்வந்த வீதங்கள் கற்பித்தவற்றின் பயன் அது. தாழ்நிலை என்பது கற்றலும் குலைவும் சமமாகும் இடம்; அதற்கு அப்பால் குலைவே மேலோங்கும். நமக்கு வேண்டியது கோடு மிகச் செங்குத்தாக இறங்கும் பகுதி. நம் எடுத்துக்காட்டில் அது 0.003 முதல் 0.03 வரை, அதன் நடுவம் 0.01. தாழ்நிலை வீதத்தில் பத்தில் ஒன்றைக் கொள்க என்னும் வழக்கமான விதியும் அதே 0.01-ஐத் தருகிறது. இரு வழிகளும் ஒத்துவந்தால் நம்பிக்கையுடன் தொடங்கலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பத்து அடிகளின் சராசரியைப் பார்ப்பதால் கோடு காட்டும் இறக்கம் உண்மையான இறக்கத்துக்குச் சற்றுப் பின்தங்கியே தெரியும். பத்து அடிகள் என்பது வீதத்தில் மும்மடங்கு. ஆகவே ஐயமிருப்பின் 0.01-ஐ விட 0.003 பாதுகாப்பானது. பயிற்சி நெடுகிலும் வீதத்தை மாற்றாமல் வைத்திருப்போர் சிறியதைக் கொள்வது நன்று. வீதத்தைப் படிப்படியாக உயர்த்திப் பின் தாழ்த்துவோர் 0.01-ஐ உச்சமாகக் கொள்ளலாம்.

எங்கே தவறுகிறது?

கோடு கடைசிவரை இறங்காமல் கிடையாகச் சென்று, பின் திடீரெனச் சிதறினால், எந்த வீதமும் பயன்படாது என்பது பொருள். படங்களுக்கும் அவற்றின் பெயர்களுக்கும் உள்ள இணைப்புக் குலைந்திருக்கலாம். ‘ண’வின் படத்துக்கு ‘ன’வின் எண் தரப்பட்டிருப்பது போன்ற குழப்பம் தரவு முழுவதும் பரவியிருக்கலாம். நாற்பது படங்களைக் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பதே அதற்கு மருந்து. கோடு முதல் அடியிலிருந்தே ஏறினால், தொடங்கிய வீதமே மிகப் பெரிது. இன்னும் கீழிருந்து தொடங்க வேண்டும்.

கிடைத்த எண் அந்த அமைப்புக்கு மட்டுமே உரியது. தொகுதியின் அளவை 128-இலிருந்து 16 ஆக்கினாலோ, எடைகளைத் திருத்தும் முறையை உந்த முறையிலிருந்து ஆடம் முறைக்கு மாற்றினாலோ, சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். ஒரு மாணவரின் 0.01-ஐ வேறொருவர் அப்படியே எடுத்தாள்வது, ஒருவர் கண்ணாடியை மற்றொருவர் அணிவது போன்றது.

முன்பே பெருந்தரவில் பயின்ற மொழி மாதிரிகளைத் தமிழுக்கு நுண்ணிதின் திருத்தும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவை முன்பு கற்றதைப் பெரிய வீதம் அழித்துவிடும். நூறு அடிகளின் இழப்பில் அவ்வழிவு தெரியாது. பெர்ட் மாதிரியை உருவாக்கியோர் அதனைத் திருத்துவதற்கு 0.00002 முதல் 0.00005 வரையிலான வீதங்களையே பரிந்துரைத்தனர். சோதனை அதைவிட மிகப் பெரிய எண்ணைக் காட்டினால் அவ்வெண்ணை மேலெல்லையாக மட்டும் கொண்டு, கீழே இறங்கித் தேடுவதே முறை.

இறுதியாக, இச்சோதனை தருவது தொடக்க மதிப்பு, முடிந்த தீர்ப்பன்று. வெவ்வேறு தொடக்க எடைகளுடன் மூன்று முறை ஓட்டி, மூன்று கோடுகளும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இறங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு முழுப் பயிற்சியைத் தொடங்குக. அதன் பின்னரும் கணினி ‘ண’வையும் ‘ன’வையும் மயங்கினால், அப்போதுதான் எழுத்தைப் பற்றியும் தரவைப் பற்றியும் கேள்வி எழுப்ப நமக்கு உரிமை உண்டு.