பலாவுக்கு முன்னால் பனை

தாவரப் படங்கள் நிறைந்த ஒரு கோப்புறை. ப-வில் தொடங்கும் எட்டுப் படங்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தாயிற்று. அவற்றைப் பெயர் வாரியாக அடுக்கச் சொன்னால், சில கணினிகளில் இப்படி ஒரு வரிசை வரும்: பச்சிலை, பனை, பன்னீர், பப்பாளி, பருத்தி, பலா, பவளமல்லி, பாகல்.

தமிழ் அகராதியைப் புரட்டிப் பழகியவருக்கு இது உறுத்தும். அகராதியில் அவை நிற்கும் வரிசை வேறு: பச்சிலை, பப்பாளி, பருத்தி, பலா, பவளமல்லி, பன்னீர், பனை, பாகல். ஆறாவதும் ஏழாவதுமாக நிற்க வேண்டிய பன்னீரும் பனையும் கணினியில் இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு ஏறிவிட்டன. அதுவும் இடம் மாறி, பனை முன்னால், பன்னீர் பின்னால். நீண்ட பட்டியலில் பனையைத் தேடுபவர் கடைசிப் பக்கம் வரை உருட்டிப் பார்த்துவிட்டு, படமே இல்லை என்று முடிவுகட்டிவிட வாய்ப்பு உண்டு.

கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் அட்டவணையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. க-வுக்கு 2965, ச-வுக்கு 2970, ப-வுக்கு 2986, ல-வுக்கு 2994. மொழியறிவு எதுவும் இல்லாத நிரல் ஒன்று பெயர்களை அடுக்கும்போது இந்த எண்களைத்தான் ஒப்பிடுகிறது. பனையிலும் பலாவிலும் முதல் எழுத்து ஒன்றுதான். இரண்டாவது எழுத்தில் ன-வின் எண் 2985, ல-வின் எண் 2994. சிறிய எண் முன்னால் வருகிறது, பனை ஜெயிக்கிறது. நெடுங்கணக்கிலோ ன-தான் பதினெட்டு மெய்களில் கடைசி. எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிகின்றன என்பது தொல்காப்பியக் காலத்திலிருந்து வரும் கணக்கு.

அப்படியென்றால் கடைசி எழுத்துக்கு நடுவில் எண் கொடுத்தது யார்? விடை இந்திய அரசின் பழைய தரக் குறியீடு ஒன்றில் இருக்கிறது. இந்திய எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்க 1980-களில் உருவான அந்தக் குறியீட்டுக்கு இஸ்கி என்று பெயர். அதன் அடிப்படை தேவநாகரி. ஒரு மொழியின் க எந்த இடத்தில் இருக்கிறதோ, மற்ற மொழிகளின் க-வும் அதே இடத்தில் இருக்கும். ஓர் எழுத்து வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது அதனால் எளிதாயிற்று. 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பு இந்திய எழுத்துகளுக்கு 1988-ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பையே எடுத்துக்கொண்டது. தேவநாகரி க-வின் எண் 2325. அதோடு 640-ஐக் கூட்டினால் தமிழ் க. எந்த எழுத்தை எடுத்தாலும் இதே 640 இடைவெளிதான். தமிழில் இல்லாத எழுத்துகளின் இடங்கள் காலியாகவே விடப்பட்டன. க-வுக்கும் ங-வுக்கும் நடுவில் இன்றும் மூன்று எண்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

ழ, ள, ற, ன நான்கும் தமிழ் நெடுங்கணக்கில் வ-வுக்குப் பிறகு ஒன்றாக வரிசை கட்டி நிற்பவை. பிற இந்திய எழுத்துகளோடு பொதுவாக உள்ளவை முடிந்த பிறகு இவை வருகின்றன. இஸ்கி அவற்றைக் கலைத்து, ஒலியில் நெருங்கிய எழுத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. ந-வுக்கு அடுத்து ன. ர-வுக்கு அடுத்து ற. ல-வுக்கு அடுத்து ள, அதற்கு அடுத்து ழ, அப்புறம்தான் வ. ஜ-வும் அப்படியே. தமிழ்க் கணக்கில் கிரந்த எழுத்துகள் பதினெட்டு மெய்களும் முடிந்த பிறகு வரும். இங்கே ஜ, தேவநாகரி வழக்கப்படி ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். ஆகவே அதே கோப்புறையில் ஜாதிக்காய், கடைசியில் வாழைக்குப் பின்னால் நிற்காமல் சங்குப்பூவுக்கும் தும்பைக்கும் இடையில் வந்து நிற்கும்.

ஆய்தத்தின் கதை இன்னும் வேடிக்கை. ஔ-வுக்கும் க-வுக்கும் நடுவில் இருக்க வேண்டிய அதற்கு 2947 என்ற எண் கிடைத்திருக்கிறது. அ-வின் எண் 2949. செய்யுளில் எப்போதாவது வரும் எழுத்தாக மட்டும் ஆய்தம் இருந்திருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் இன்று அது ஆங்கில எஃப் ஒலிக்குத் துணையாகச் சொல்லின் தொடக்கத்திலேயே வருகிறது. ‘ஃபெர்ன்’ என்று பெயரிட்ட படம் அகத்தி, அத்தி எல்லாவற்றையும் தாண்டிப் பட்டியலின் தலையில் ஏறிக்கொள்வது இதனால்தான்.

இனி பன்னீரும் பனையும் தங்களுக்குள் இடம் மாறியதற்கு வருவோம். இங்கே சிக்கல் எழுத்துகளின் எண்ணில் இல்லை, எழுத்து எது என்பதிலேயே இருக்கிறது. இலக்கணப்படி ன் என்ற மெய்தான் அடிப்படை. அதோடு அ சேர்ந்தால் ன, ஐ சேர்ந்தால் னை. அகராதியும் அந்த முறையில்தான் போகிறது: முதலில் ன், பிறகு ன, னா, னி என்று னௌ வரை. யூனிகோடிலோ ன-தான் அடிப்படை. மெய் வேண்டுமானால் ன-வோடு புள்ளி என்ற தனிக் குறியைச் சேர்க்க வேண்டும். அந்தப் புள்ளியின் எண் 3021, ஐகாரக் குறியின் எண் 3016. உயிர்மெய்க் குறிகள் எல்லாம் முடிந்த பிறகே புள்ளி வருகிறது. எனவே ‘பனை’ முன்னால், ‘பன்னீர்’ பின்னால். ‘அக்கா’வுக்கு முன்னால் ‘அகம்’ வருவதும் இதே காரணத்தால்.

யூனிகோடை வகுத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். எண் வரிசை வேறு, அகர வரிசை வேறு என்று அவர்களே சொல்லி, அடுக்குவதற்கென்று தனியாக ஒரு பொது அட்டவணையை வெளியிட்டிருக்கிறார்கள். அதில் தமிழ் மெய்கள் க முதல் ன வரை மரபு வரிசையிலேயே இருக்கின்றன, கிரந்தம் அதற்குப் பின். ஆனால் புள்ளி அங்கேயும் உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னால்தான். ன்-ஐ ஓர் எழுத்தாகக் கொண்டு ன-வுக்கு முன்னால் வைப்பது, தமிழுக்கென்றே எழுதப்பட்ட இன்னொரு விதித் தொகுப்பில் இருக்கிறது. மொழியைத் தமிழ் என்று சொன்னால்தான் அது வேலை செய்யும்.

ஆக, ஒரு மென்பொருள் எந்த விதத்தில் அடுக்குகிறது என்பதை மூன்றே கோப்புகளை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பனை, பன்னீர், பலா என்று மூன்று வெற்றுக் கோப்புகளை உருவாக்குங்கள். பனை, பன்னீர், பலா என்றே வந்தால் வெறும் எண் வரிசை. பலா, பனை, பன்னீர் என்று வந்தால் உலகப் பொது அட்டவணை. பலா, பன்னீர், பனை என்று வந்தால் தமிழ் விதி. கோப்பு எதுவும் உருவாக்காமல், உலாவியில் F12 விசையைத் தட்டிக் கன்சோலிலும் பார்க்கலாம்:

```
["பலா","பன்னீர்","பனை"].sort()
["பனை","பன்னீர்","பலா"].sort(new Intl.Collator("ta").compare)
```

முதல் வரி எண் வரிசையைத் தரும். `ta` என்ற மொழிக் குறியீடு உள்ள இரண்டாவது வரி அகராதி வரிசையைத் தரும்.

கோப்பு மேலாளர்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுவது இதிலிருந்து புரியும். மேக் கணினியின் ஃபைண்டரும், லினக்ஸில் க்னோம் சூழலின் கோப்பு மேலாளரும் கணினிக்குக் கொடுத்திருக்கும் மொழி அமைப்பைப் பார்த்து அடுக்குபவை. கோப்பின் பெயர் தமிழில் இருக்கிறது என்பது அவற்றுக்குப் பொருட்டல்ல, பயனர் எந்த மொழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதே கணக்கு. நம்மில் பலர் கணினியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் கோப்புப் பெயர் எழுதுகிறோம். தமிழ் விதி உள்ளே இருந்தும் எழுந்து வராமல் போக இது போதும். லினக்ஸ் முனையத்தில் கீழே உள்ள கட்டளையைக் கொடுத்தால் எந்த மொழி விதியும் இல்லாத எண் வரிசை தெரியும்:

```
LC_ALL=C ls | cat
```

விண்டோஸிலும் இதைப் போல ஒரு வேறுபாடு உண்டு. அங்கே வழக்கமான NTFS வட்டு, பெயர்களை எண் வரிசையில்தான் குறித்து வைக்கிறது. கட்டளைச் சாளரத்தில் `dir` என்று மட்டும் தட்டினால் அந்த வரிசையே வரும். எக்ஸ்ப்ளோரர் சாளரமோ விண்டோஸின் சொந்த அடுக்கு விதிகளைப் பின்பற்றுகிறது. ஒரே கோப்புறை இரண்டு சாளரங்களில் இரண்டு விதமாகத் தெரிவது வட்டின் கோளாறு அல்ல.

மொழி அமைப்பைச் சரிசெய்த பிறகும் ஒரே ஓர் எழுத்து தொல்லை தரலாம். ‘கொய்யா’வில் வரும் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுத முடியும். 3018 என்ற ஒற்றைக் குறியாக எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று 3014, 3006 இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டியும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். எண்ணை மட்டும் பார்க்கும் நிரலுக்கோ இவை வேறு வேறு சொற்கள். ஒற்றைக் குறியில் எழுதிய கொய்யா, ‘கேழ்வரகு’க்குப் பின்னால் சரியாக நிற்கும். பிரித்து எழுதிய கொய்யா, கெ-வில் தொடங்கும் பெயராகக் கருதப்பட்டுக் கேழ்வரகுக்கு முன்னால் போய்விடும். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே கோப்புறையில் இரண்டு ‘கொய்யா’க்கள் ஒன்றாகவே இருக்க முடியும். ஒரே பெயர் இரண்டு இடத்தில் கண்ணில் பட்டாலோ, கண்ணுக்குத் தெரியும் கோப்பு தேடலில் சிக்காவிட்டாலோ சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அந்தப் பெயரை அழித்துவிட்டு, நடப்பு விசைப்பலகையில் மறுபடி தட்டுவதே எளிய மருந்து.

எண் வரிசையையே தமிழ் வரிசையாக அமைத்துவிடும் முயற்சியும் நடந்தது. மெய், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் நெடுங்கணக்கின் முறைப்படி தனி எண் கொடுக்கும் டேஸ்16 என்ற குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. ஆனால் அந்த எண்கள் யூனிகோடில் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய பகுதியைச் சேர்ந்தவை. அதற்கான எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பின் பெயர் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும்.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் கோப்புறையில், ஒவ்வொருவர் கணினியும் எந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே பெயருக்கு முன்னால் எண் போடுவதுதான் நம்பகமான வழி. `001`, `002` என்று எல்லா எண்களுக்கும் ஒரே இலக்க நீளம் இருக்க வேண்டும். வெறும் 1, 2 என்று போட்டால், எண் வரிசையில் அடுக்கும் நிரல்கள் 10-ஐ 2-க்கு முன்னால் வைத்துவிடும். பிறகு சேரும் படங்களுக்கு நடுவில் இடம் வேண்டும் என்பதால் `010`, `020`, `030` என்று பத்துப் பத்தாகத் தாண்டி எண்ணிடலாம். பருத்திக்கு `030`, பலாவுக்கு `040` என்றிருந்தால், நாளை ‘பருப்புக்கீரை’ வரும்போது `035` காலியாக இருக்கும்.